கப்பலின் பெயரைச் சொல்லாதவர்கள்

(காணொளிக் காப்பகங்களில் பொருளறிந்து தேடும் முறை குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1939 மே 13 அன்று ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து ‘செயின்ட் லூயிஸ்’ என்ற கப்பல் கியூபாவுக்குக் கிளம்பியது. அதில் 937 பயணிகள் இருந்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே ஹிட்லர் ஆட்சியிலிருந்து உயிர் தப்பிப் புறப்பட்ட யூதர்கள். கியூபாவில் இறங்குவதற்கான சீட்டு அவர்களிடம் இருந்தது. ஆனால் கப்பல் கிளம்புவதற்கு முன்பே கியூப அரசு அந்தச் சீட்டுகளைச் செல்லாதவை என்று அறிவித்திருந்தது. மே 27 அன்று கப்பல் ஹவானாவை அடைந்தபோது 28 பேரைத்தான் கரையிறங்க விட்டார்கள். முன்பே கியூபா வந்து சேர்ந்திருந்த உறவினர்கள் சின்னப் படகுகளில் ஏறிக் கப்பலைச் சுற்றி வந்து, மேல்தளத்தில் நின்றவர்களைக் கூவி அழைத்தார்கள். ஜூன் 2 அன்று கப்பல் துறைமுகத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மயாமியின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் தொலைவுவரை போயும் அமெரிக்கா இடம் தரவில்லை. ஜூன் 17 அன்று அது பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் வந்து நின்றது. பிரிட்டன் 288 பேரை ஏற்றுக்கொண்டது. மற்றவர்களை பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகியவை பகிர்ந்துகொண்டன. அடுத்த ஆண்டே இம்மூன்று நாடுகளும் ஜெர்மானியப் படையிடம் வீழ்ந்தன. கப்பலில் திரும்பி வந்தவர்களில் 254 பேர் இனப்படுகொலைக்குப் பலியானார்கள்.

கப்பலில் சிறுவர்களாக இருந்தவர்களில் சிலர் அறுபது, எழுபது வயதில் காமிராவின் முன் அமர்ந்து இந்தக் கதையைச் சொன்னார்கள். காப்பகத்துக்கு வரும் ஓர் ஆய்வாளர் கேட்கிறார்: “இந்தக் கப்பலைப் பற்றி எவரெவர், எந்தெந்த நிமிடத்தில் பேசியிருக்கிறார்கள்? ஒன்று விடாமல் எல்லாம் வேண்டும்.”

ஒன்றிரண்டு போதும் என்றால் வேலை எளிது. “எல்லாம்” என்ற சொல்தான் இந்த உரையின் பொருள்.

பெயர் தெரிந்தும் பயனில்லை

முதலில் எவரும் செய்வது, எழுத்துப்படியில் ‘செயின்ட் லூயிஸ்’ என்று தேடிப்பார்ப்பது. நூற்றுக்கணக்கில் விடை வரும். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் அதே பெயரில் ஒரு பெரிய நகரம் இருக்கிறது. போருக்குப் பின் அங்கே குடியேறியவர், அங்கே கடை வைத்தவர், மகளை அங்கே கட்டிக்கொடுத்தவர் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்கிறார்கள். கப்பலோடு அவர்களுக்கு ஒரு தொடர்பும் இல்லை.

கப்பலில் இருந்தவரோ அதன் பெயரைச் சொல்லாமலே பத்து நிமிடம் பேசிவிடுவார். ஒரு தடவை பெயரைச் சொன்னபின் அதற்குமேல் அது வெறும் ‘கப்பல்’. பிறகு அதுவும் போய் ‘அங்கே’, ‘அப்போது’. “அப்பா சின்னப் படகில் வந்தார். அம்மா என்னைத் தூக்கிக் காட்டினாள். அவர் முகம் எனக்குத் தெரியவே இல்லை.” எடுத்துக்காட்டாக எழுதிய இந்த மூன்று வாக்கியங்களில் கப்பல் இல்லை, கியூபா இல்லை, ஹவானாவும் இல்லை. ஆனால் ஆய்வாளர் தேடிவந்த கணம் இதுதான்.

இந்தச் சிக்கல் காணொளிக்கு முன்பே அளந்து பார்க்கப்பட்ட ஒன்று. டேவிட் பிளேர், எம். இ. மேரன் என்ற இரண்டு அறிஞர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பெரிய வழக்குக்காகக் கணினியில் ஏற்றிய ஏறக்குறைய 40,000 ஆவணங்களை எடுத்துக்கொண்டார்கள். வழக்கறிஞர்கள் சொற்களைக் கொடுத்துத் தேடச் சொல்லி, தேவையானவற்றில் முக்கால் பங்காவது கிடைத்துவிட்டது என்று நிறைவடைந்தபின்தான் தேடலை நிறுத்தினார்கள். உண்மையில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்குதான் கிடைத்திருந்தது. வழக்கு ஒரு விபத்தைப் பற்றியது. ஆனால் தரப்புக்குத் தரப்பு அதைக் குறித்த சொல் வேறாக இருந்தது. பொறுப்பாளிகள் எழுதிய கடிதங்களில் ‘விபத்து’ என்பதே இல்லாமல், ‘அந்த வருந்தத்தக்க நிலைமை’ போன்ற தொடர்கள் இருந்தன.

அந்த ஆய்வில் கவனிக்க வேண்டியது இருபது சதவீதம் என்பதைவிட, வழக்கறிஞர்கள் எழுபத்தைந்து என்று நம்பியதுதான். தேடிக் கிடைத்தவை எல்லாம் சரியாக இருந்ததால், கிடைக்காதவை இருக்கின்றன என்ற ஐயமே அவர்களுக்கு எழவில்லை.

நிமிடத்துக்கு நிமிடம் குறித்த மனிதர்கள்

‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்தை எடுத்து முடித்த கையோடு இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1994-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். இனப்படுகொலையிலிருந்து தப்பியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களின் சாட்சியத்தைக் காணொளியில் பதிவதுதான் நோக்கம். சில ஆண்டுகளில் 50,000-க்கும் மேற்பட்ட நேர்காணல்கள் சேர்ந்தன. மொழிகள் முப்பதுக்கும் மேல், மொத்த நேரம் ஒரு லட்சம் மணிக்கும் மேல். 2006 முதல் அது தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. ஷோவா அறக்கட்டளை என்பது அதன் பெயர்.

இந்தக் காப்பகத்தில் தேடலை முதலில் மனிதர்களே சாத்தியமாக்கினார்கள். குறிப்பாளர்கள் நேர்காணலைக் கேட்டு, பேச்சின் பொருள் எங்கே மாறுகிறதோ அங்கே கோடு போட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் சுருக்கமும் குறிச்சொற்களும் எழுதினார்கள். ஏறக்குறைய 4,000 நேர்காணல்களுக்கு இப்படிச் செய்ததும், இந்த வேகத்தில் போனால் முடியாது என்று தெரிந்தது. பிறகு நேர்காணலை ஒரு நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஓடும் காணொளியைப் பார்த்துக்கொண்டே, ஆயத்தமான பட்டியலிலிருந்து குறிச்சொல் போடும் முறை வந்தது. அந்தப் பட்டியலில் இன்று ஊர்ப்பெயர்கள் உட்படப் பல்லாயிரம் சொற்கள் உள்ளன.

மனிதர் போட்ட குறிச்சொல் நம்பத்தக்கது. ஆனால் பட்டியலில் இருக்கும் கேள்விக்குத்தான் அது விடை சொல்லும். கப்பலின் பெயருக்குக் குறிச்சொல் இருக்கலாம். ‘உறவினரைத் தொலைவிலிருந்து மட்டும் பார்க்க முடிந்த கணங்கள்’ வேண்டும் என்றால் எந்தப் பட்டியலும் உதவாது.

அதனால் பேச்சையே கணினியிடம் எழுதவைக்கும் முயற்சி 2001-இல் தொடங்கியது. மாலக் என்ற அந்தத் திட்டத்தில் இந்த அறக்கட்டளையோடு ஐபிஎம் நிறுவனமும், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், மேரிலாந்து பல்கலைக்கழகங்களும், செக் நாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்தன. வயதானவர்கள், பிறமொழிச் சாயலோடு பேசும் ஆங்கிலம், அழுகை, திடீரென்று தாய்மொழிக்குத் தாவும் பேச்சு என்று பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளுக்குத் தொல்லை தரும் எல்லாமே அங்கே இருந்தன. ஆய்வாளர்களுக்கு வழங்கிய சோதனைத் தொகுப்பின் ஒரு பதிப்பில் நூறு சொல்லுக்கு நாற்பதை நெருங்கிய பிழை இருந்தது. ஊர்ப்பெயரும் ஆள்பெயரும்தான் மிக அதிகமாகச் சிதைந்தன. தேடுபவர் முதலில் தட்டச்சு செய்வதும் அவற்றைத்தான்.

எங்கே வெட்டுவது

இன்றைய முறை அந்தச் சிதைவைச் சுற்றிக்கொண்டு போகிறது. எழுத்துப்படியைத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டின் பொருளையும் ஒரு நீண்ட எண்வரிசையாக மாற்றி, தேடும் வாக்கியத்தையும் அவ்வாறே மாற்றி, இரண்டும் எவ்வளவு நெருங்குகின்றன என்று அளப்பது அந்த முறை. இந்த எண்வரிசையைத் துறையினர் ‘எம்பெடிங்’ என்கிறார்கள். இந்த உரையிலும் அந்தச் சொல்லே நிற்கட்டும்.

முதல் முடிவு, துண்டின் நீளம். பத்து விநாடி என்று வெட்டினால் “ஆமாம், திருப்பி அனுப்பிவிட்டார்கள்” என்ற ஒரு வரி தனியாக நிற்கும். யாரை, எங்கிருந்து என்று அதில் இல்லை. பத்து நிமிடம் என்று வெட்டினால் அம்மாவின் சமையல், பள்ளிக்கூடம், கப்பல், அகதி முகாம் எல்லாம் ஒரே எண்வரிசையில் கலந்து, கப்பல் அதில் நீர்த்துப்போகும். ஒரு நிமிடத் துண்டு, முப்பது விநாடிக்கு ஒரு தடவை புதுத் துண்டு என்று வைத்தால், எந்தக் கணமும் இரண்டு துண்டுகளில் விழும். ஒன்றின் விளிம்பில் அறுபட்டாலும் மற்றதன் நடுவில் முழுதாக இருக்கும். வெட்டு, வாக்கியத்தின் நடுவே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு எளிது. ஒரு மணிக்கு 120 துண்டு. ஒரு லட்சம் மணிக்கு 1 கோடியே 20 லட்சம் துண்டு. ஒவ்வொன்றுக்கும் 768 எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்றால் துண்டுக்கு 3 கிலோபைட் அளவு. மொத்தம் 37 ஜிகாபைட்டுக்குள் அடங்கும். ஒரு லட்சம் மணி நேரப் பேச்சின் ‘பொருள்’ இன்று ஒரு பென் டிரைவில் போட்டு எடுத்துப்போகும் அளவுதான்.

பழைய காணொளிக்கே உரிய ஒரு கண்ணியும் உண்டு. இந்த நேர்காணல்கள் பீட்டாகாம் நாடாக்களில், நாடாவுக்கு அரை மணி என்ற அளவில் பதிவானவை. ஒரு நேர்காணலுக்கு நாலைந்து நாடாக்கள் இருக்கும். நாடா மாறும் இடத்தில் பேச்சு பாதியில் நிற்கும். அடுத்த நாடாவில் நேரம் மறுபடியும் சுழியத்திலிருந்து தொடங்கும். துண்டோடு நாடா எண்ணையும் எழுதிவைக்காவிட்டால், தேடல் சரியான நிமிடத்தைச் சொல்லும், ஆனால் தவறான நாடாவில்.

அடுத்தது, கேள்வியும் விடையும். “பிறகு என்ன ஆயிற்று?” என்று கேட்டவர் ஒருவர், “இரண்டு வாரம் அப்படியே கிடந்தோம்” என்று சொன்னவர் இன்னொருவர். விடைத் துண்டோடு அதற்கு முந்திய கேள்வியையும் அதற்கும் முந்திய ஒரு வாக்கியத்தையும் சேர்த்து எம்பெடிங் எடுப்பது பயன் தரும். இதையே இன்னும் நீட்டி, ‘இவர் செயின்ட் லூயிஸ் பயணி’ என்ற குறிப்பை ஒவ்வொரு துண்டின் தலையிலும் ஒட்டினால் காரியம் கெடும். அவர் திருமணத்தைப் பற்றிப் பேசும் துண்டுகூடக் கப்பல் துண்டாக எழுந்து வரும்.

சொல்லாததும் பொருந்தும் விதம்

எம்பெடிங் மாதிரிகள் ஏராளமான வாக்கியங்களைப் பார்த்துப் பயின்றவை. ஒன்றுக்கொன்று கேள்வி-விடையாகவோ, ஒரே பொருளின் இரு வடிவமாகவோ, ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்றாகவோ அமைந்த இணைகளைக் கொடுத்து, அவற்றின் எண்வரிசைகள் நெருங்கிவரும்படியும் தொடர்பில்லாதவை விலகும்படியும் பயிற்றுகிறார்கள். அதனால் ‘எங்களை இறங்கவிடவில்லை’ என்பதும் ‘துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றது, கரைக்குப் போக அனுமதி வரவில்லை’ என்பதும் பொதுச்சொல் இல்லாமலே அருகருகே வந்து அமர்கின்றன.

மொழியும் அப்படியே. 2020-இல் வந்த லேப்ஸ் என்ற மாதிரி தமிழ் உள்ளிட்ட 109 மொழிகளை ஒரே இடத்தில் வைத்துப் பயின்றது. ‘கப்பலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்’ என்று தமிழில் எழுதி, ஜெர்மன் மொழியிலோ ஸ்பானியத்திலோ சொன்ன சாட்சியத்தின் அந்த நிமிடத்தை எடுக்க முடியும். ‘செயின்ட் லூயிஸ்’ பயணிகள் எத்தனையோ நாடுகளில் சிதறிக் குடியேறியவர்கள். இந்தத் தேடலுக்கு அது சிறிய உதவி அல்ல.

செய்முறை இவ்வளவுதான்:

```python
from sentence_transformers import SentenceTransformer
m = SentenceTransformer("intfloat/multilingual-e5-base")
v = m.encode(["passage: " + t for t in chunks],
             normalize_embeddings=True)
q = m.encode("query: they would not let us off the ship",
             normalize_embeddings=True)
scores = v @ q
```

இந்த ஆறேழு வரியில் இரண்டு கண்ணிகள் ஒளிந்திருக்கின்றன. துண்டுக்கு முன் `passage: `, தேடலுக்கு முன் `query: ` என்று எழுதியிருப்பது அலங்காரம் அல்ல. இந்த மாதிரி அப்படித்தான் பயின்றது. விட்டுவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, விடையின் தரம் மட்டும் சரியும். மற்றொன்று, மாதிரி ஒரு தடவைக்கு 512 சிறுகூறுகளைத்தான் படிக்கும். அதற்கு மேல் உள்ளதைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். ஆங்கிலத்தில் ஒரு நிமிடப் பேச்சு இதற்குள் நன்றாகவே அடங்கும். தமிழ்ச் சொல்லை மாதிரி பல கூறுகளாக உடைத்தே படிப்பதால், தமிழ் எழுத்துப்படியில் நீளமான துண்டுகளை எண்ணிப் பார்க்காமல் அனுப்பக் கூடாது.

விடையாக வரும் மதிப்பெண்ணையும் பார்த்துப் படிக்க வேண்டும். இந்த மாதிரியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு வாக்கியங்களுக்குக்கூட 0.7-க்கு மேல் வருவது இயல்பு என்று அதை வெளியிட்டவர்களே எழுதியிருக்கிறார்கள். ‘0.8 வந்துவிட்டது, எண்பது சதவீதம் பொருத்தம்’ என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். எது மேலே, எது கீழே என்ற வரிசைக்கு மட்டுமே மதிப்பு.

ஒரு கேள்வி போதாது

‘செயின்ட் லூயிஸ் கப்பலின் வரலாறு’ என்று தலைப்பு போலத் தேடுவது புதியவர் செய்யும் தவறு. சாட்சி சொல்பவர் தலைப்பு போலப் பேசுவதில்லை. அவர் எப்படிச் சொல்லியிருப்பாரோ அப்படியே தேடல் வாக்கியத்தை எழுத வேண்டும். அதற்கு நிகழ்ச்சியைத் தெரிந்திருக்க வேண்டும். ‘ஹாம்பர்க்கில் கப்பல் ஏறினோம், வாத்தியம் வாசித்தார்கள்.’ ‘கேப்டன் எங்களிடம் மரியாதையாக நடந்துகொண்டார்.’ ‘அப்பா சின்னப் படகில் வந்து கையசைத்தார்.’ ‘இரவில் மயாமி விளக்குகள் தெரிந்தன.’ ‘இங்கிலாந்துக்கா, ஹாலந்துக்கா என்று எங்களைப் பிரித்தார்கள்.’ இப்படிப் பத்துப் பன்னிரண்டு வாக்கியங்கள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேலே வரும் நூறு துண்டுகளை எடுத்து, இரண்டு தடவை வந்ததை நீக்கிச் சேர்த்தால் முதல் வலை தயார்.

அதோடு பழைய சொல்தேடலையும் கைவிடக் கூடாது. எம்பெடிங் பொருளில் கெட்டிக்காரன், பெயரில் சோம்பேறி. கப்பல் தலைவர் குஸ்தாவ் ஷ்ரோடர் பெயரைக் கொடுத்தால் ஏதோ ஒரு ஜெர்மானிய அதிகாரியைக் கொண்டுவந்து நிறுத்தும். எழுத்துப்படியில் ஒருகால் சரியாக விழுந்திருக்கும் ‘ஷ்ரோடர்’, ‘ஹவானா’ போன்ற பெயர்களுக்குச் சொல்தேடலே கூர்மை. இரண்டு பட்டியல்களையும் தரவரிசைப்படி கோத்து ஒன்றாக்குவது வழக்கமான முறை.

பிறகு மனிதர் படிக்கிறார். ஆயிரம் துண்டுகள் என்றால், ஒன்றுக்குப் பதினைந்து விநாடி வீதம் நாலு மணி நேர வேலை. ஐயமானதை மட்டும் காணொளியில் ஓடவிட்டுப் பார்த்தால் போதும். இது கப்பல், இது இல்லை என்று குறிக்கக் குறிக்க, கிடைத்த நல்ல துண்டுகளே அடுத்த தேடல் வாக்கியங்களாகின்றன. ஒரு சாட்சி, கப்பலில் நடந்த ஒரு குழந்தையின் பிறந்தநாளைப் பற்றிச் சொல்லியிருந்தால், அந்தத் துண்டைக் கொடுத்துத் தேடும்போது, எவரும் நினைத்துப் பார்த்திராத இன்னொரு பிறந்தநாள் எழுந்து வரலாம். இரண்டு சுற்று தொடர்ந்து புதிதாக ஒன்றும் வராதபோது நிறுத்தலாம்.

அருகில் இருப்பவை எல்லாம் அதுவல்ல

பொருளால் தேடும்போது, பொருளால் நெருங்கியவை எல்லாம் வரும். 1939 மே மாதக் கடைசியில் ‘ஓர்தூன்யா’, ‘ஃப்ளாந்தர்’ என்ற வேறு இரண்டு கப்பல்களும் யூத அகதிகளோடு ஹவானா வந்து, பெரும்பாலோரை இறக்க முடியாமல் போயின. அவற்றில் வந்தவர் பேசினால் ஹவானா, அனுமதி மறுப்பு, படகில் வந்த உறவினர் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். 1942-இல் கருங்கடலில் மூழ்கிய ‘ஸ்த்ரூமா’வும், 1947-இல் பாலஸ்தீனத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ‘எக்ஸோடஸ்’ஸும் அதே பக்கத்தில்தான் இருக்கும். எம்பெடிங்குக்கு இவை எல்லாம் ‘திருப்பப்பட்ட கப்பல்’. இவற்றைப் பிரிப்பது, துண்டைச் சுற்றியுள்ள தேதியையும் புறப்பட்ட துறைமுகத்தையும் பார்க்கும் மனிதரின் வேலை.

மறுப்பும் இப்படித்தான் ஏமாற்றும். ‘நாங்கள் அந்தக் கப்பலில் போகவில்லை, சீட்டு கிடைக்கவில்லை’ என்ற துண்டு மேலேயே வரும். அதைத் தள்ளுவதா வைப்பதா என்பது தேடலுக்கு முன்பே எழுதிவைக்க வேண்டிய விதி. கப்பலைத் தவறவிட்டவர் கதையும் கப்பலின் கதைதான் என்று ஆய்வாளர் நினைக்கலாம். விதியை நடுவில் மாற்றினால், முதல் நாள் தள்ளியவற்றை மறுபடி புரட்ட வேண்டிவரும்.

இன்னொரு வகைப் போலி, எழுத்துப்படியிலேயே பிறக்கிறது. 2022-இல் வெளிவந்த ‘விஸ்பர்’ போன்ற மென்பொருள்கள் பழையவற்றைவிட மிகத் துல்லியமானவை. ஆனால் எவரும் பேசாத இடத்திலும் ஏதாவது எழுதிவிடும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. இணையக் காணொளிகளின் துணைத்தலைப்புகளில் பயின்றதால், நீண்ட மௌனம் வரும்போது ‘பார்த்தமைக்கு நன்றி’ என்ற பாணியில் ஒரு வரி விழும். அல்லது ஒரே வாக்கியம் பத்துத் தடவை திரும்ப வரும். இத்தகைய சாட்சியங்களில் மௌனம் எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு விநாடிக்கு எத்தனை சொல் என்று கணக்கிட்டுப் பார்த்தால், மனிதர் பேச முடியாத வேகமோ, இயல்புக்கு மீறிய மந்தமோ உள்ள துண்டுகள் தனியாகத் தெரியும். அவற்றைத் தேடலிலிருந்து விலக்குவதோடு, காதால் கேட்க வேண்டிய பட்டியலிலும் சேர்க்க வேண்டும்.

எத்தனை தப்பின?

வழக்கறிஞர்களின் கதைக்குத் திரும்பலாம். கிடைத்தவற்றை எவ்வளவு நேரம் பார்த்தாலும், கிடைக்காதது எவ்வளவு என்று தெரியாது. கிடைக்காத பக்கம் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

கணக்கு விளங்குவதற்காக ஒரு தொகுப்பை வைத்துக்கொள்வோம். 500 மணி நேரம், ஆக 60,000 துண்டுகள். மேலே வந்த 1,000 துண்டுகளைப் படித்ததில் 140 கப்பலைப் பற்றியவை. மீதி 59,000. அதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 300 துண்டுகளை எடுத்துப் படிக்கிறார்கள். ஒன்றுகூடக் கப்பல் இல்லை. எல்லாம் கிடைத்துவிட்டது என்று மூடிவைக்கலாமா?

முடியாது. 300-இல் ஒன்றும் இல்லை என்றால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதியோடு சொல்லத்தக்கது, ‘நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருக்காது’ என்பது மட்டும்தான். மூன்றை, எடுத்துப் படித்த துண்டுகளின் எண்ணிக்கையால் வகுப்பது புள்ளியியலில் கைக்கணக்காகவே உள்ள விதி. 59,000-இல் நூற்றுக்கு ஒன்று என்றால் 590. கையில் இருப்பது 140. தப்பியது 590 வரை இருக்கலாம் என்பதுதான் இந்தச் சோதனையின் நேர்மையான விடை.

அதனால் சோதனைக்கான துண்டுகளை எங்கே எடுப்பது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. தப்பியவை பெரும்பாலும் வெட்டுக்கோட்டுக்குச் சற்றுக் கீழேதான் கிடக்கும். 1,001 முதல் 4,000 வரையுள்ள 3,000 துண்டுகளிலிருந்து 300-ஐ எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றால், அந்தப் பகுதியில் 30-க்கு மேல் இல்லை என்று சொல்லலாம். அடியில் உள்ள 56,000 துண்டுகளுக்கு வேறு வழி வேண்டும்.

இந்தக் கப்பலுக்கு அந்த வழி இருக்கிறது: பயணிகள் பட்டியல். அமெரிக்க இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் சாரா ஓகில்வியும் ஸ்காட் மில்லரும் பல ஆண்டுகள் அலைந்து, 937 பேரும் என்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகத் தேடினார்கள். 2006-இல் வந்த அவர்களுடைய நூல் அந்தத் தேடலின் கதை. அந்தப் பெயர்களைக் காப்பகத்தின் பெயர்ப் பட்டியலோடு ஒப்பிட்டால், பேசியவர்களில் எவரெவர் கப்பலில் இருந்தார்கள் என்று தேடல் எந்திரத்தின் உதவி இல்லாமலே தெரியும். ஒப்பிடும்போது பெண்களின் பெயரில் கவனம் வேண்டும். 1939-இல் தந்தை பெயரோடு கப்பல் ஏறிய சிறுமி, 1996-இல் கணவர் பெயரோடு காமிரா முன் அமர்ந்திருப்பார். பிறந்த தேதியும் ஊரும்தான் அவரைக் காட்டிக்கொடுக்கும்.

இப்படித் தெரியவந்தவர்களில் சிலரின் நேர்காணலை, தேடல் முடிவைப் பார்க்காத ஒருவர் முழுதாக உட்கார்ந்து பார்த்து, கப்பல் கணங்களை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கணங்கள். அவற்றில் தேடல் பிடித்தது நாற்பத்தொன்று. இப்போது கையில் ஒரு நேர்மையான அளவு இருக்கிறது: நூற்றுக்கு எண்பத்திரண்டு. அதைவிடப் பயனுள்ளது தப்பிய ஒன்பது. ஒவ்வொன்றையும் எடுத்து ஏன் தப்பியது என்று எழுதுகிறார்கள். ‘ஹவானா’ எழுத்துப்படியில் வேறேதோ சொல்லாக விழுந்தது நான்கு. ‘அங்கே’, ‘அது’ என்று மட்டும் வந்தது மூன்று. முதல் வகைக்கு, அந்தப் பெயர் எப்படியெல்லாம் சிதையும் என்று பார்த்து அந்தச் சிதைவுகளையும் சொல்தேடலில் சேர்ப்பது மருந்து. இரண்டாம் வகைக்கு, உறுதியான கப்பல் துண்டு ஒன்றின் முன்னும் பின்னும் ஐந்து நிமிடத்தைக் கேள்வி கேட்காமல் படித்துவிடுவது மருந்து.

எண்பத்திரண்டு என்பதுகூடப் பயணிகள் விஷயத்தில்தான் பொருந்தும். அவர்கள் கப்பலைப் பற்றி விரிவாகப் பேசியவர்கள். ஹவானாவில் படகில் காத்திருந்த அண்ணன், ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றதைப் பார்த்த பள்ளி மாணவன் போன்றவர்கள் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர்களுக்கான அளவு எண்பத்திரண்டைவிடக் குறைவாகவே இருக்கும் என்று அறிக்கையில் எழுத வேண்டும்.

ஒன்பதில் மீதி இரண்டு வேறு வகை. இந்த நேர்காணல்களின் கடைசியில், சாட்சி தம்மிடமுள்ள புகைப்படங்களையும் காகிதங்களையும் காமிராவுக்குக் காட்டுவது வழக்கம். காமிரா படத்தை நெருங்குகிறது. “இது நான். பக்கத்தில் என் தங்கை. பின்னால் நிற்பவர் யாரென்று தெரியவில்லை” என்கிறது குரல். எழுத்துப்படியில் அவ்வளவுதான். படத்தில் கப்பலின் கம்பித் தடுப்பு தெரிகிறது, அதற்குப் பின்னால் கடல். இதை எந்தத் தேடல் வாக்கியமும் எடுத்துத் தராது. ஆகவே பயணிகள் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும், கடைசி நாடாவின் இறுதிப் பத்து நிமிடம் ‘கண்ணால் பார்க்க வேண்டியது’ என்று தனியாகக் குறிக்கப்படுகிறது. அந்த வரிசையில் மதிப்பெண் கட்டம் இல்லை. நாடா எண்ணும் நிமிடமும் மட்டும் இருக்கின்றன.